துடைத்த பாதியும் தூசிப் பாதியும்

“இந்தப் படம் எதுக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அப்புறம்தான் தொடுவேன்.”

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர், நாற்காலி திடீரென்று பேசிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு பேனா வைத்திருப்பார். கடையில் அவருக்கு இரட்டைப் பேனா என்று பெயர். வாடகைக்குக் கார் விடும் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை.

இதைக் கேட்கவே கூடாது என்பதுதான் எங்கள் போட்டோ கடையின் முதல் சட்டம். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்னார்: “அளவு கேளு, எப்ப வேணும்னு கேளு. எதுக்குன்னு மட்டும் கேக்காதே. வராத மாமனைக் குடும்பப் படத்துல சேக்கச் சொல்லுவான். பிரிஞ்சு போனவளை வெட்டச் சொல்லுவான். காரணம் கேட்டா அவன் எதிர்க்கடைக்குப் போயிடுவான். நம்மகிட்ட கத்தரிக்கோல் இருக்கு, அவ்வளவுதான்.”

பிரிண்ட் போடும் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அவள் கண்ணாலேயே ‘வேணாம்டி’ என்றாள்.

“என்னம்மா புதுசா?” என்றார் இரட்டைப் பேனா. “போன தடவை நீ ஒண்ணும் கேக்கலியே?”

“கேக்கல. அதனாலதான் இப்பக் கேக்கறேன்.”

போன தடவை நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும்.

இருபத்தேழு நாளுக்கு முன்னால் இதே மனிதர் செல்போனில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்தார். வெயிலில் ஒரு கறுப்புக் கார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர், இடது கையை போனட்டில் ஊன்றி, வலது கையில் துணியோடு நிற்கிறார். யாரோ கூப்பிட்டுத் திரும்பிய முகம். போனட்டில் பாதியைத்தான் துடைத்திருந்தார். அந்தப் பாதி கண்ணாடி மாதிரி மின்னியது, மறுபாதியில் தூசி.

“இவர் கைக்குப் பக்கத்துல ஒரு மது பாட்டில் நிக்கணும்” என்றார் இரட்டைப் பேனா. “குடிச்சிட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு போஸ்டர். வெச்ச மாதிரியே தெரியணும். ஒட்டின மாதிரி தெரியக் கூடாது.”

நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. என் அம்மா துணி தைக்கும் கம்பெனியில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறாள். மூட்டை தூக்கி அப்பாவின் தோளில் காய்ப்பு. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பதை இரண்டு பேரும் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வேலையை நான் எவ்வளவு ஆசையாகச் செய்தேன் என்பது தெரியட்டும்.

முதலில் இணையத்தில் கிடைத்த ஒரு பாட்டில் படத்தை வெட்டி வைத்து, அதையே தலைகீழாகத் திருப்பிக் கீழே மங்கலாக ஒட்டினேன். முதலாளி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “பாட்டில் பறக்குது பாரு. இறக்கை ஒண்ணுதான் பாக்கி.”

அவர் சொன்னது சரி. பளபளப்பான பரப்பில் ஒரு பொருளை வைத்தால் அதன் பிம்பம் வெறும் தலைகீழ் நகல் ஆகாது. போனட் பாட்டிலைக் கீழேயிருந்து பார்க்கிறது. நமக்குத் தெரியாத அடிப்பக்கக் கோணம் அதற்குத் தெரியும். அதனால் மறுநாள் ஒரு நிஜ பாட்டிலில் பால் விடாத கட்டங்காப்பியை ஊற்றி, கறுப்பு அக்ரிலிக் பலகையில் நிறுத்தி, செல்போன் படம் எடுத்த அதே நெஞ்சு உயரத்திலிருந்து நானே படமெடுத்தேன். வெயிலுக்குப் பதில் ஒற்றை பல்பு, டிரைவரின் நிழல் விழுந்த அதே திசைக்கு.

பிறகு மூன்று நாள் உட்கார்ந்தேன். போனட் மேடாக வளைந்திருந்தது, அதனால் பிம்பத்தைக் குறுக்கி வளைத்தேன். பாட்டிலை, துடைத்த பாதியும் தூசிப் பாதியும் சேரும் கோட்டின் மேலேயே நிறுத்தினேன். வேண்டுமென்றேதான். அதுதான் கஷ்டமான இடம். துடைத்த பக்கத்தில் பிம்பம் கூர்மையாகத் தெரியும், நிழல் இருப்பதே தெரியாது, ஏனென்றால் சுத்தமான கறுப்புப் பெயின்ட் நிழலை வாங்கிக் காட்டாது. தூசிப் பக்கத்தில் நேர் எதிர். பிம்பம் மங்கிப்போகும், நிழல் தூசியின் மேல் பளிச்சென்று படுக்கும். பாட்டில் போனட்டைத் தொடும் இடத்தில் மட்டும் மயிரிழை அளவுக்குக் கரும் கோடு. அது இல்லாவிட்டால் எந்தப் பொருளும் மிதக்கும். நிழல் ஆரம்பத்தில் கூர்மையாக இருந்து, போகப் போகக் கரைய வேண்டும். திரவத்தைக் கடந்து வரும் வெயிலுக்காக நிழலின் நடுவில் ஒரு பழுப்பு வெளிச்சக் கோடும் போட்டேன். கடைசியாக எல்லாவற்றின் மேலும் செல்போன் படத்தின் அதே புள்ளி புள்ளியான சொரசொரப்பைத் தூவினேன்.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிரிண்ட் அக்கா, “இதை எடுத்துக் குடிச்சிடலாம் போல இருக்குடி” என்றாள். நான் கழுத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போஸ்டர் என்றார்கள். போஸ்டருக்கு எழுத்து போட இடம் விட வேண்டாமா? கார் நம்பரைத் தெளிவாக வைக்கச் சொன்னது எதற்கு? செல்போன் படம் மாதிரியே இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்னது எதற்கு? எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தக் கேள்வி எல்லாம் அப்போதே என் மண்டையில் ஓடியது. கேட்டால் வேலை கையை விட்டுப் போகும் என்பதைவிட, கேட்டால் அந்தப் படத்தை முடிக்க முடியாமல் போகும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது.

ஐந்து நாள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மடங்கிய ஒரு தாளை எடுத்து, கையால் நீவி, கவுன்ட்டரில் வைத்தாள்.

“இது நிஜப் படமா, ஒட்டு வேலையான்னு பாத்துச் சொல்ல முடியுமாம்மா?”

என் பாட்டில்.

“என் வீட்டுக்காரர்” என்று டிரைவரைத் தொட்டுக் காட்டினாள். “கம்பெனி கார் செவுத்துல மோதி முன்பக்கம் நொறுங்கிப் போச்சு. ஓட்டினது மேனேஜரோட மகன். லைசென்ஸ்கூடக் கிடையாது. இப்ப இவர் குடிச்சிட்டு ஓட்டினாருன்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. அன்னைக்கு வண்டி எடுக்கறதுக்கு முன்னால எடுத்த படமாம், இதுதான் சாட்சியாம். அவர் இருபது வருஷமா ஓட்டறாரும்மா. வாசனைகூடப் பாத்ததில்ல.”

என் கண் படத்தின் மேலேயே இருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். பாட்டிலின் தோள்பட்டையில், கண்ணாடி வளையும் இடத்தில், சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம். எங்கள் ஸ்டுடியோவின் விளக்குப் பெட்டி. பல்பு மட்டும் போதும் என்று நினைத்தவள், ஓரத்தில் எரிந்த அதை அணைக்க மறந்திருக்கிறேன். போனட்டுக்குள் பாட்டில் எப்படித் தெரியும் என்று மூன்று நாள் மண்டையை உடைத்தவள், பாட்டிலுக்குள் என்ன தெரிகிறது என்று பார்க்கவே இல்லை. அதுவும் பளபளக்கும் பொருள்தானே! திறந்த வெளியில் வெயிலுக்கு நான்கு மூலை கிடையாது. பக்கத்திலேயே நிற்கும் டிரைவரின் வெள்ளைச் சட்டைக்கு அந்தக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கீற்றாவது விழுந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை.

விரல் வைத்துக் காட்ட ஒரு நொடி போதும்.

“ஒட்டு வேலை மாதிரி தெரியலைங்க” என்றேன். “நிழல் சரியான பக்கம் விழுது. கீழ பிம்பமும் சரியா இருக்கு, தூசியில மங்கலா, துடைச்ச இடத்துல தெளிவா. ஒட்டினா இப்படி வராது.”

வாயிலிருந்து வந்த கடைசி வாக்கியத்தில் பயம் பாதி. மீதிப் பாதியைச் சொல்லவே நாக்கூசுகிறது. அது பெருமை.

“நீ படிச்ச பொண்ணு. சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அந்தத் தாளைப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி, பில்லில் போன் நம்பரை எழுதிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தைத்த துணியிலிருந்து நூல் பிசிறை எடுத்துக்கொண்டே கேட்டாள், “நீ செஞ்சதுன்னு யாருக்காவது தெரியுமா?”

“கடையில தெரியும்.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. பெரிய இடத்து வம்பு. சட்டை தைக்கறவ கிட்ட, எந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு எவன் கொலை பண்ணினான்னு எவனும் கேக்க மாட்டான்.”

“நான் அந்தப் பொம்பளை கிட்டப் பொய் சொன்னேன்மா.”

“சொல்லிட்டே இல்ல? போய்த் தூங்கு.”

தூங்கினேன். அதுதான் இன்னும் அசிங்கம். பதினேழு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டேன், தூங்கினேன், பாஸ்போர்ட் படங்களில் மரு எடுத்தேன். நடுநடுவே அந்த லேயர் ஃபைலைத் திறந்து பார்ப்பேன். படத்தின் ஒவ்வொரு துண்டும் தனித்தனி அடுக்காக அதில் இருந்தது. நிழல், பிம்பம், தொடும் கோடு, சொரசொரப்பு. ஒவ்வொன்றாக அணைத்தால் பாட்டில் முதலில் மிதக்கும், பிறகு காணாமல் போகும். வெறும் போனட்டும் துணியும் மனிதரும் மிஞ்சுவார்கள். திரும்ப எல்லாவற்றையும் போட்டுவிட்டு மூடுவேன். வேலை முடிந்ததும் அழித்துவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. நான் அழிக்கவில்லை. நியாயத்துக்காகப் பத்திரப்படுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், அடுத்த வேலை தேடிப் போகும்போது காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

நேற்று மாலை பில் புத்தகத்தைப் புரட்டி அந்த நம்பருக்குப் போன் பண்ணி வீட்டு விலாசம் கேட்டேன். ஏன் நேற்று என்று கேட்டால், விசாரணை இன்றைக்கு என்று இரட்டைப் பேனா முதலாளியிடம் ஸ்பீக்கர் போனில் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. “அந்தப் படம் ஒண்ணு போதும் சார், மூணு மணிக்கு உக்காந்தா மூணேகாலுக்கு முடிஞ்சிடும்” என்றார்.

இன்று காலை கடைக்கு வருவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. டிரைவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், திரும்பவில்லை. அந்த அம்மாவிடம் நின்றபடியே சொன்னேன்.

“அந்தப் பாட்டிலை வெச்சது நான்தான். அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னது பொய்.”

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் இவர்கிட்ட என்ன கேட்டேன் தெரியுமா?” என்றாள். “இருபது வருஷமா கேக்காத கேள்வி. நெஜமாச் சொல்லு, குடிச்சியான்னு கேட்டேன். கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணே சொல்லிடுச்சு, இன்னும் ஏன் மறைக்கறேன்னு கேட்டேன். ஊரே சொன்னப்பல்லாம் சோறு தின்னவரு, நான் கேட்ட அன்னைக்குத் தட்டைத் தள்ளிட்டு எழுந்தாரு. அதுலேர்ந்து என்கிட்டப் பேச்சில்ல.”

நான் செய்த படத்தைப் பார்த்து மேனேஜர் அவரைச் சந்தேகப்பட்டதாக நடித்தான். நான் சொன்ன சொல்லைக் கேட்டு அவர் மனைவி நிஜமாகவே சந்தேகப்பட்டாள். எது பெரிய வேலை?

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

“அதை வெச்சு என்ன பண்றது? விசாரணையில வந்து சொல்லுவியா?”

“சொல்றேன்.”

“சொல்லிட்டு அப்புறம் பேசு.”

லேயர் ஃபைல் இருந்த பென் டிரைவை அவள் கையில் கொடுத்தேன். பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. டிரைவர் அப்போதும் திரும்பவில்லை. துணி காயும் கயிற்றில் அவருடைய வெள்ளைச் சட்டை தொங்கியது.

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தேன். முதலாளியிடம் சொல்லாமல் போவது சரியில்லை என்று பட்டது. யார் சிபாரிசும் இல்லாமல், முன் அனுபவமும் இல்லாமல் நின்றவளுக்கு நாற்காலி கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் ஒரு வெளி வேலைக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்குத்தான் வருவார் என்றாள் அக்கா. காத்திருந்தேன். அவருக்கு முன்னால் வந்தவர் இரட்டைப் பேனா, புதுப் படம் ஒன்றோடு.

இந்தத் தடவை ஒரு ஆபீஸ் மேசை. மேலே கண்ணாடி போட்டது. பின்னால் ஒரு பெண் கிளார்க். மேசையில் கார் சாவி ஒன்று கிடக்க வேண்டும். அந்த கிளார்க்தான் மேனேஜர் மகன் சாவியை எடுத்ததைப் பார்த்ததாக டிரைவருக்குச் சாட்சி சொன்னவர் என்று காலையில் டிரைவரின் மனைவி சொல்லியிருந்தாள். சாவி அவர் மேசையில் இருந்தால் அவர்தான் எடுத்துக் கொடுத்தார் என்றாகிவிடும். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெட்கம் கெட்ட மனசு அப்போதும் கணக்குப் போட்டது. கண்ணாடி மேசை என்றால் சாவிக்கு இரண்டு பிம்பம் விழும், மேல் பரப்பில் ஒன்று, கீழ்ப் பரப்பில் கொஞ்சம் தள்ளி மங்கலாக இன்னொன்று. நிழல் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மரத்தில் விழும், சாவியிலிருந்து விலகி. எல்லாம் எனக்குத் தெரியும். கை பரபரத்தது. அப்போதுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன்.

“சார் வரட்டும், பேசிக்கலாம்” என்றார் இரட்டைப் பேனா. “சின்னப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் புரியாது.”

“சாவி எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்னு மட்டும் புரிஞ்சாப் போதுமா?”

முதலாளி உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, இரண்டு முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“என்னம்மா கேட்டே?”

“எதுக்குன்னு கேட்டேன் சார்.”

“அதைத்தான் கேக்காதேன்னு...”

“கேக்காம விட்டதுல ஒருத்தர் வேலை போச்சு. இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணை. நான் போறேன். அந்தப் பாட்டிலை நான்தான் வெச்சேன்னு சொல்லப் போறேன்.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். “உள்ள வா.”

“இங்கேயே சொல்லுங்க சார்.”

“போனா என்ன சொல்லுவே? போஸ்டர்னு சொல்லி வாங்கினாங்கன்னு சொல்லு. உனக்கும் கேடில்ல, கடைக்கும் கேடில்ல. அது பொய்யும் இல்லையே.”

பொய் இல்லைதான். வாயில் நன்றாக உட்காரும் பதில். அதை ஒரு நிமிஷம் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

“போஸ்டர்னு சொன்னாங்க. நான் நம்பல. நம்பாமலே செஞ்சேன். அந்தம்மா வந்து கேட்டப்ப எனக்குத் தெரியும், தெரிஞ்சே நிஜப் படம்னு சொல்லி அனுப்பினேன். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்.”

“பைத்தியமாம்மா நீ? உன்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க.”

“பிடிக்கட்டும்.”

“எந்தக் கடையிலும் உனக்கு வேலை கிடைக்காது.”

“சரி.”

“அந்த ஃபைலை அழிச்சிட்டே இல்ல?” குரல் இறங்கியிருந்தது. அவருக்குப் பயம். பாவமாக இருந்தது. நான் செய்ததில் அவருக்கும் பில் போட்ட பங்கு இருக்கிறது. அந்தப் பில்லையும் காட்ட வேண்டியிருக்கும்.

“காலையிலேயே அவங்ககிட்டக் குடுத்துட்டேன் சார்.”

இரட்டைப் பேனா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

“அவ்வளவு நல்லா செஞ்சியேம்மா அதை” என்றார்.

“ஆமா சார். அதுதான் பிரச்சினை.”

என் பையை எடுத்தேன். சாவிப் படம் கவுன்ட்டரில் அப்படியே கிடந்தது. மேசைக்குப் பின்னால் அந்த கிளார்க் அம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், தலையைக்கூட நிமிர்த்தாமல். அதைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு இல்லை என்று நினைத்து, எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“அதை எங்க எடுத்துட்டுப் போறே?” என்று கத்தினார் இரட்டைப் பேனா, வாசலிலிருந்து.

“எதுக்குன்னு கேக்கக் கூடாது சார்” என்றேன்.

அவரைத் தாண்டித் தெருவில் இறங்கினேன். மணி இரண்டே கால். பஸ்ஸுக்கு நின்றால் நேரமாகும். வெயில் தலைக்கு மேல் கொளுத்தியது. நடந்தேன்.